கூர்மையான திரையில் எழுத்தளவா, வேலையிடமா: மேக்புக்கில் சரியான ரெசல்யூஷனைத் தேர்ந்தெடுக்கும் முறை

ரெட்டினா திரை கொண்ட மேக்புக்கில் System Settings-ஐத் திறந்து Displays பகுதிக்குச் சென்றால், சிறு படங்கள் வரிசையாக நிற்பதைக் காணலாம். ஒரு முனையில் Larger Text என்றும் மறுமுனையில் More Space என்றும் எழுதியிருக்கும். எழுத்து பெரிதாக வேண்டுமா, இடம் அதிகமாக வேண்டுமா என்பதே அங்கே கேட்கப்படும் கேள்வி. பலர் சில நொடிகள் மாற்றிப் பார்த்துவிட்டு, கண்ணுக்குப் பிடித்த ஒன்றில் நிறுத்திவிடுகிறார்கள். அந்தத் தேர்வு நாள்தோறும் பல மணி நேரம் கண்ணோடும் கழுத்தோடும் தொடர்புடையது என்பதால், அதைக் கொஞ்சம் கணக்குப் பார்த்துச் செய்வது நல்லது. கணக்கு எளியதுதான். ஆனால், அது சொல்லும் விடை பலரும் எதிர்பார்ப்பதாக இருக்காது.

இந்தக் கட்டுரை முழுவதற்கும் ஒரே கருவியை எடுத்துக்கொள்கிறேன்: 2020-இல் வந்த எம்1 மேக்புக் ஏர். அதன் திரை மூலைக்கு மூலை 13.3 அங்குலம், பிக்சல்கள் 2560×1600. அது தரும் முதன்மையான தேர்வுகள் நான்கு: 1024×640, 1280×800, 1440×900, 1680×1050. பெட்டியிலிருந்து எடுத்தபோது அது 1440×900-இல் இருக்கும். வேறு மேக்புக் வைத்திருப்பவர்கள் தங்கள் எண்களை எப்படிப் பொருத்திக்கொள்ளலாம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

திரைக்குள் என்ன நடக்கிறது

1680×1050 என்று தேர்ந்தெடுத்தால் திரையிலுள்ள பிக்சல்களின் எண்ணிக்கை மாறிவிடுவதில்லை. கண்ணாடிக்குப் பின்னால் எப்போதும் 2560×1600 பிக்சல்கள்தாம் இருக்கின்றன. மாறுவது பாயிண்ட் எனப்படும் அளவுதான். மேக்ஓஎஸ் தன்னுடைய மெனு, பொத்தான், எழுத்து எல்லாவற்றையும் பாயிண்ட் கணக்கில்தான் அளக்கிறது. திரையின் அகலத்தை 1280 பாயிண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு பாயிண்டும் பெரிதாக இருக்கும். 1680 பாயிண்டாகப் பிரித்தால் சிறிதாகும். அகலம் ஏறத்தாழ 286 மில்லிமீட்டர் என்பதால், முதல் நிலையில் ஒரு பாயிண்ட் 0.22 மில்லிமீட்டர், இரண்டாவதில் 0.17 மில்லிமீட்டர்.

இதை மேக்ஓஎஸ் செய்துமுடிக்கும் விதத்தில்தான் கூர்மை பற்றிய கேள்வி எழுகிறது. தேர்ந்தெடுத்த ரெசல்யூஷனை அது இரண்டால் பெருக்கி, அந்த அளவுக்கு ஒரு படத்தை முதலில் நினைவகத்தில் வரைகிறது. பிறகு அந்தப் படத்தைத் திரையின் பிக்சல்களுக்கு ஏற்பச் சுருக்குகிறது. 1280×800-இல் நினைவகப் படம் 2560×1600, அதாவது திரையும் படமும் ஒன்றுக்கொன்று அப்படியே பொருந்துகின்றன; சுருக்க வேண்டிய தேவையே இல்லை. 1440×900-இல் நினைவகப் படம் 2880×1800; அதன் ஒன்பது பிக்சல்களைத் திரையின் எட்டு பிக்சல்களுக்குள் அடக்க வேண்டியிருக்கிறது. 1680×1050-இல் அது 3360×2100. இருபத்தொரு பிக்சல்கள் பதினாறுக்குள் அடங்க வேண்டும். மொத்தப் பிக்சல் கணக்கில் பார்த்தால், இந்தக் கடைசி நிலையில் கணினி ஒவ்வொரு முறையும் 1280×800-ஐ விட 72 சதவீதம் கூடுதலாக வரைகிறது.

விண்டோஸ் மடிக்கணினிகளில் இந்த வழிமுறை வேறு. அங்கே 125, 150 என்று சதவீதத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, அதற்கு ஏற்ப எழுதப்பட்ட மென்பொருள்கள் திரையின் பிக்சல்களுக்கே நேராக வரைந்துகொள்கின்றன. ஆகவே கூர்மை பற்றி இங்கே சொல்வது அங்கே அப்படியே பொருந்தாது. எழுத்தளவு, இடம் பற்றிச் சொல்வது பொருந்தும்.

முதல் படி: தேர்வுப் பட்டியலை எண்களாகப் பார்ப்பது

சிறு படங்களை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது, எண்கள் வேண்டும். Displays பகுதியில் Advanced என்ற பொத்தானை அழுத்தி, Show resolutions as list என்பதை இயக்குங்கள். படங்கள் இருந்த இடத்தில் எண்களின் பட்டியல் வந்துவிடும். இந்த அமைப்பு 2022-இல் வந்த வென்சுரா பதிப்பிலிருந்து இருப்பது. அதற்கு முந்தைய பதிப்புகளில் System Preferences-இல் Displays சென்று Scaled என்பதைத் தேர்ந்தெடுத்தால் சிறு படங்கள் கிடைக்கும்.

திரையின் உண்மையான பிக்சல் எண்ணிக்கை தெரியாவிட்டால் டெர்மினலில் இதைத் தட்டிப் பாருங்கள்:

```
system_profiler SPDisplaysDataType
```

வரும் விவரங்களில் Resolution என்று தொடங்கும் வரியில் அது இருக்கும். அந்த எண்ணைப் பாதியாக்கினால் கிடைப்பதுதான் உங்கள் திரையின் மிகக் கூர்மையான நிலை. இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இரண்டு இடங்களில் தேவைப்படும்.

பட்டியலில் low resolution என்ற குறிப்போடு சில வரிகள் தென்பட்டால் அவற்றைத் தொட வேண்டாம். அவற்றில் மேலே சொன்ன இரட்டிப்பு நடப்பதில்லை. எழுத்தின் ஓரங்கள் படிக்கட்டுபோல உடைந்து தெரிந்தால், தவறுதலாக அத்தகைய வரி ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டோம் என்று உடனே அறியலாம்.

இரண்டாம் படி: உங்கள் வேலையில் உண்மையில் எவ்வளவு இடம் கூடுகிறது என்று பார்ப்பது

1280×800-க்கும் 1680×1050-க்கும் இடையே பரப்பு 72 சதவீதம் கூடுகிறது. இந்த எண்ணைப் பார்த்து மயங்கித்தான் பலர் More Space பக்கம் போகிறார்கள். ஆனால், அந்த 72 சதவீதம் எல்லா வேலைக்கும் கிடைப்பதில்லை. எனக்குத் தெரிந்தவரை இந்த விஷயத்தில் மிக அதிகமாகத் தவறவிடப்படுவது இதுதான் என்பதால், இங்கே சற்று நின்று பார்ப்போம்.

மெய்ப்புத் திருத்தும் வேலையை எடுத்துக்கொள்வோம். இடப்பக்கம் மூலப் பிரதியின் பிடிஎஃப், வலப்பக்கம் தட்டச்சு செய்த கோப்பு. திரை சரிபாதியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஏ4 பக்கத்தைப் பாதித் திரையின் அகலத்துக்குப் பொருந்துமாறு விரித்து வைத்திருக்கிறீர்கள். பாதித் திரையின் அகலம் 143 மில்லிமீட்டர். 1280-ஐத் தேர்ந்தெடுத்தாலும் அது 143 மில்லிமீட்டர்தான், 1680-ஐத் தேர்ந்தெடுத்தாலும் அதேதான். 210 மில்லிமீட்டர் அகலமுள்ள தாள் 143 மில்லிமீட்டருக்குச் சுருங்கித் தெரிகிறது. அதிலுள்ள 11 பாயிண்ட் எழுத்து, அச்சில் ஏறக்குறைய ஏழரைப் பாயிண்ட் எழுத்தின் அளவில் தெரியும்; இங்கே சொல்வது அச்சுத் தொழிலின் மாறாத பாயிண்ட், திரையின் பாயிண்ட் அன்று. எந்த ரெசல்யூஷனிலும் இந்த அளவு மாறாது, ஏனென்றால் பக்கம் கண்ணாடியின் அகலத்தோடு பிணைக்கப்பட்டிருக்கிறது.

அப்படியானால் 1680-க்குப் போனதில் இந்தத் திருத்துநருக்கு என்ன கிடைத்தது? மேலே உள்ள மெனுப் பட்டையும் சாளரத்தின் கருவிப் பட்டையும் மெலிந்தன. இரண்டும் சேர்ந்து சுமார் 76 பாயிண்ட் உயரம். 1280-இல் அது 17 மில்லிமீட்டர். 1680-இல் 13 மில்லிமீட்டர். கூடுதலாகக் கிடைத்தது 4 மில்லிமீட்டர், அதாவது பிரதியில் ஒரு வரிக்கான இடம். அந்த ஒரு வரிக்காக எல்லா மெனுவும், எல்லா உரையாடல் பெட்டியும், எல்லாக் கோப்புப் பெயரும் கால்பங்குக்கு நெருக்கமாகச் சிறுத்துவிட்டன. இந்த வேலைக்கு More Space நட்டம் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

இப்போது வேறொரு வேலை. புகைப்படத் திருத்தம், ஒலித் தொகுப்பு, நிரல் எழுதுதல் போன்றவற்றில் திரையின் இரு பக்கமும் பலகங்கள் நிற்கும். இடப்பக்கப் பலகம் 250 பாயிண்ட், வலப்பக்கப் பலகம் 300 பாயிண்ட் என்று வைத்துக்கொள்வோம். இந்தப் பலகங்களின் எழுத்தையும் பொத்தான்களையும் தனியே பெரிதாக்கவோ சிறிதாக்கவோ பல மென்பொருள்கள் வழிவிடுவதில்லை. 1280-இல் இவை இரண்டும் 123 மில்லிமீட்டரை எடுத்துக்கொள்ள, நடுவில் வேலைக்கு 163 மில்லிமீட்டர் மிஞ்சும். 1440-இல் 177 மில்லிமீட்டர். 1680-இல் 193 மில்லிமீட்டர். முப்பது மில்லிமீட்டர் அகலம் கூடுதலாகக் கிடைப்பது 13.3 அங்குலத் திரையில் சிறிய விஷயமில்லை. படம் பளிச்சென்று விரிகிறது, நிரல் வரி மடங்காமல் நீள்கிறது.

இரண்டு வேலைகளையும் பிரிப்பது ஒன்றுதான்: சாளரத்தின் உள்ளடக்கத்தைத் தனியே பெரிதாக்கவும் சிறிதாக்கவும் முடியுமா என்பது. பிடிஎஃப், வலைப்பக்கம், வேர்ட் கோப்பு, எக்செல் தாள், டெர்மினல் ஆகிய அனைத்தையும் அந்தந்த மென்பொருளுக்குள்ளேயே அளவு மாற்றலாம். 1280-இல் இருந்துகொண்டே பிரௌசரை 75 சதவீதத்துக்குச் சுருக்கினால், வலைப்பக்கத்துக்கு அநேகமாக 1680-இல் கிடைக்கும் இடமே கிடைத்துவிடும். எழுத்தும் திரைப் பிக்சல்களுக்கு நேராக வரையப்படுவதால் சற்றுக் கூர்மையாகவே இருக்கும். ஆக, ரெசல்யூஷனை மாற்றுவதால் உண்மையில் மிச்சமாவது, அளவு மாற்ற முடியாத மெனு, கருவிப் பட்டை, பலகம் ஆகியவை அடைத்துக்கொண்டிருக்கும் இடம் மட்டுமே.

ஆகவே இந்தப் படியில் செய்ய வேண்டியது: நாள் முழுவதும் நீங்கள் திறந்து வைத்திருக்கும் இரண்டு மூன்று மென்பொருள்களை வழக்கம்போல விரித்து வையுங்கள். ஓர் அடிக்கோலைக் கண்ணாடியைத் தொடாமல் பக்கத்தில் பிடித்து, பலகங்களும் பட்டைகளும் திரையின் அகலத்தில் எவ்வளவு, உயரத்தில் எவ்வளவு என்று அளந்து பாருங்கள். அவை அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அடைத்துக்கொண்டால் சிறிய பாயிண்ட் உங்களுக்குப் பயன்தரும். ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தால், எழுத்தைச் சிறிதாக்கி நீங்கள் பெறப்போவது மிகக் குறைவு.

மூன்றாம் படி: பெரிதாக்க முடியாத எழுத்தைக் கொண்டு எல்லையைக் கண்டறிவது

உள்ளடக்கத்தை மென்பொருளுக்குள்ளேயே பெரிதாக்கிக்கொள்ளலாம் என்பதால், ரெசல்யூஷனுக்கு எல்லை வகுப்பது உள்ளடக்கத்தின் எழுத்து ஆகாது. மெனுவிலும் பலகங்களிலும் பொத்தான்களிலும் உள்ள எழுத்துதான் அந்த எல்லையை வகுக்கிறது. மேக்ஓஎஸ் இவற்றுக்குப் பெரும்பாலும் 13 பாயிண்ட் எழுத்தையும், பலகங்களின் சிறு குறிப்புகளுக்கு 11 பாயிண்ட் எழுத்தையும் பயன்படுத்துகிறது. நம் திரையில் 13 பாயிண்ட் எழுத்து 1280-இல் அச்சின் 8.2 பாயிண்ட் அளவுக்கும், 1440-இல் 7.3 அளவுக்கும், 1680-இல் 6.3 அளவுக்கும் சமம். 11 பாயிண்ட் குறிப்பு 1680-இல் 5.3 வரை இறங்கிவிடும். மருந்துப் பெட்டியில் மடித்து வைக்கும் குறிப்புத்தாளின் எழுத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதையும் புத்தகத்தைவிட அதிகத் தொலைவில் வைத்துப் படிக்க வேண்டும்.

தொலைவைக் கணக்கில் சேர்ப்பதும் எளிது. 1280-இல் கண்ணுக்கும் திரைக்கும் 60 சென்டிமீட்டர் இடைவெளியில் ஓர் எழுத்து எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ, அதே அளவில் 1440-இல் தெரிய வேண்டுமானால் 53 சென்டிமீட்டருக்கும், 1680-இல் தெரிய வேண்டுமானால் 46 சென்டிமீட்டருக்கும் நெருங்க வேண்டும். மடியிலோ மேசையிலோ நேராக உட்கார்ந்து தட்டச்சு செய்யும்போது 46 சென்டிமீட்டர் என்பது முகத்தை முன்னால் நீட்டும் தொலைவு. மடிக்கணினியைத் தாங்கியில் உயர்த்தி, தனி விசைப்பலகை வைத்துக்கொள்பவர்களுக்குத் திரை இன்னும் பின்னால் போய்விடும். அவர்கள் 1680-ஐ நினைக்காமலிருப்பதே நல்லது.

தமிழில் வேலை செய்பவர்களுக்கு ஆங்கிலம் மட்டும் படிப்பவர்களைவிட இந்த எல்லை சற்று முன்னதாகவே வந்துவிடும். நம் எழுத்துகளில் சுழிகள் மிகுதி. ஒரு சுழியோ ஒரு புள்ளியோ கண்ணுக்குத் தப்பினால் சொல்லே வேறாகிவிடும். இதைச் சோதிக்கக் கைவசமுள்ள எளிய வழி ஃபைண்டர்தான். மேசைத்திரையில் ஒரு கோப்புறையை உருவாக்கி, அதற்குள் பனி, பணி, மனம், மணம், எண, எண் என்ற பெயர்களில் ஆறு வெற்றுக் கோப்புறைகளை உருவாக்குங்கள். பட்டியல் தோற்றத்தில் வைத்து, Command-J அழுத்தி, Text size என்பதை 12 அல்லது 13-இல் நிறுத்துங்கள். வழக்கமாகச் சாய்ந்து உட்காரும் இடத்திலிருந்து பாருங்கள். ணகரத்தின் மூன்று சுழிகளும் தனித்தனியாகத் தெரிகின்றனவா, அல்லது சொல் என்னவென்று முன்பே தெரிந்திருப்பதால் படித்துவிடுகிறீர்களா? பெயர்களின் வரிசையை வேறொருவரை மாற்றச் சொல்லிவிட்டுப் பார்த்தால் உண்மை தெரியும். எண் என்பதன் புள்ளி எழுத்தின் தலையோடு ஒட்டிக்கொண்டு ஒரு தடிப்பாக மட்டும் தெரிந்தால், அந்த ரெசல்யூஷனில் எழுத்து உங்கள் கண்ணுக்கு ஒரு படி சிறியது.

இந்தச் சோதனையைக் காலையில் ஒருமுறை, வேலை முடிந்த மாலையில் ஒருமுறை செய்ய வேண்டும். காலையில் தெளிவாக இருந்த 1680, களைத்த கண்ணுக்கு மாலையில் அப்படி இருப்பதில்லை. மாலை நேரத்து விடையையே எடுத்துக்கொள்ளுங்கள். வாசிப்புக் கண்ணாடி அணிபவர்கள், மடிக்கணினிக்கு எந்தக் கண்ணாடியை உண்மையில் அணிகிறார்களோ அதோடுதான் பார்க்க வேண்டும்.

நான்காம் படி: கூர்மை குறைவதைப் பார்த்து அறிவது

முன்பு குறித்து வைத்த மிகக் கூர்மையான நிலை, அதாவது நம் கருவியில் 1280×800, இங்கே அளவுகோலாகிறது. அங்கே ஒரு பாயிண்ட் தடிமனுள்ள கோடு சரியாக இரண்டு பிக்சல்களில் அமர்கிறது. 1680-இல் அதே கோடு ஒன்றரைப் பிக்சலில் அமர வேண்டும். அரைப் பிக்சல் என்று ஒன்று இல்லாததால், ஒரு பிக்சல் முழுக் கருமையாகவும் பக்கத்துப் பிக்சல் சாம்பலாகவும் நிறம் பெறும். கோடு விழும் இடத்தைப் பொறுத்து இந்தச் சாம்பல் ஒருமுறை இடப்புறமும் ஒருமுறை வலப்புறமும் வரும்.

இதைக் கண்ணால் பார்க்க எக்செல் அல்லது நம்பர்ஸில் வெற்றுத் தாள் ஒன்றைத் திறந்து, கட்டக் கோடுகளை வரிசையாக நோக்குங்கள். 1280-இல் எல்லாக் கோடுகளும் ஒரே சீராக இருக்கும். 1680-இல் சில கோடுகள் சற்று அடர்த்தியாகவும் சில மங்கலாகவும் இருக்கும். கைப்பேசியின் கேமராவை நெருக்கமாக வைத்துப் படமெடுத்துப் பெரிதாக்கினால் ஐயமின்றித் தெரியும். ஆனால், எழுத்தில் இந்த மழுங்கலைக் கண்டுபிடிப்பது கடினம். ஓர் அங்குலத்துக்கு 227 பிக்சல்கள் நெருங்கி நிற்கும் திரையில், அரை மீட்டர் தொலைவிலிருந்து பார்க்கும் பெரும்பாலோருக்கு 1440-க்கும் 1280-க்கும் இடையே எழுத்தின் கூர்மையில் வேறுபாடு தெரிவதில்லை. ஆப்பிளே இந்தக் கருவியை 1440-இல் வைத்து அனுப்புகிறது. எனவே கடிதமும் கட்டுரையும் கணக்கும் பார்ப்பவர்கள் கூர்மையைப் பற்றிக் கவலைப்படாமல் எழுத்தளவை மட்டும் வைத்துத் தீர்மானிக்கலாம்.

கவலைப்பட வேண்டியவர்கள் வேறு சிலர். புகைப்படம் குவியத்தில் இருக்கிறதா என்று 100 சதவீதத்தில் வைத்துப் பார்ப்பவர்கள், சின்னங்களையும் மெல்லிய கோடுகளையும் பிக்சல் கணக்கில் வரைபவர்கள், அச்சுக்குப் போகும் படத்தின் நுண்புள்ளிகளைச் சரிபார்ப்பவர்கள் ஆகியோர் திரையில் காண்பது படத்தின் பிக்சலா, சுருக்கத்தில் கலந்த பிக்சலா என்பது முக்கியம். அவர்கள் அந்தப் பரிசோதனை நேரத்துக்கு மட்டுமாவது 1280×800-க்கு வர வேண்டும். மென்பொருள் 100 சதவீதம் என்று காட்டினாலும், 1680-இல் படத்தின் இருபத்தொரு பிக்சல்கள் திரையின் பதினாறில்தான் தெரிந்துகொண்டிருக்கும். சற்றே மழுங்கிய படம் அந்தச் சுருக்கத்தில் கூர்மையாகத் தோன்றிவிடும் ஆபத்தும் உண்டு.

கருவியின் வேகத்தைப் பொறுத்தவரை, ரெசல்யூஷனை மாற்றும்போது வேகம் குறையலாம் என்று திரையில் வரும் எச்சரிக்கை வரி பழைய கருவிகளுக்குத்தான் அதிகம் பொருந்துகிறது. 2012-இல் வந்த முதல் 13 அங்குல ரெட்டினா மேக்புக் ப்ரோவில் இன்டெல் எச்டி 4000 வரைகலைதான் இருந்தது. அத்தகைய கருவியில் மிக அதிக இடம் தரும் நிலையில் நீண்ட வலைப்பக்கத்தை வேகமாக உருட்டினால் திணறல் தெரியலாம். எம்1-இலும் அதற்குப் பின்வந்தவற்றிலும் எழுத்து வேலைக்கு இது ஒரு பொருட்டாகாது.

ஐந்தாம் படி: ரெசல்யூஷனை நிறுத்தியபின் ஒவ்வொரு மென்பொருளையும் சரிசெய்வது

இதுவரை செய்த அளவீட்டையும் சோதனையையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு ரெசல்யூஷன் உங்களுக்குக் கிடைத்திருக்கும். இதோடு வேலை பாதிதான் முடிந்தது. ரெசல்யூஷன் எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் மாற்றிவிடுவதால், சில இடங்களில் எழுத்து தேவைக்கு மேல் சிறிதாகவும் சில இடங்களில் தேவைக்கு மேல் பெரிதாகவும் இருக்கும். அவற்றைத் தனித்தனியே திருத்த வேண்டும்.

1680-ஐத் தேர்ந்தெடுத்தவர்கள் முதலில் பிரௌசரைப் பார்க்க வேண்டும். சஃபாரியில் Settings-இல் Websites, அதற்குள் Page Zoom சென்று, கீழே When visiting other websites என்ற இடத்தில் 125 சதவீதம் வைத்தால், ஒவ்வொரு தளத்திலும் தனித்தனியாகப் பெரிதாக்க வேண்டியிருக்காது. குரோமில் Settings, Appearance, Page zoom. டெர்மினலிலும் நிரல் எழுதும் மென்பொருளிலும் எழுத்தளவை அமைப்புகளிலேயே உயர்த்தி வையுங்கள். ஒவ்வொரு முறையும் Command-ஐயும் கூட்டல் குறியையும் அழுத்துவது நீடிக்காது. ஃபைண்டர், மெயில் ஆகியவற்றின் பக்கப்பட்டையில் எழுத்து சிறிதாகத் தெரிந்தால், System Settings-இல் Appearance பகுதியிலுள்ள Sidebar icon size என்பதை Large ஆக்குங்கள். படவுருக்களோடு எழுத்தும் வளரும். மெனுப் பட்டை மட்டும் தொல்லை தந்தால் Accessibility-இல் Display-க்குள் Menu bar size என்ற தேர்வு இருக்கிறது. 2023-இல் வந்த சோனோமாவிலிருந்து அதே இடத்தில் Text size என்ற தேர்வும் கிடைக்கிறது. மெயில், நோட்ஸ், மெசேஜஸ் போன்ற ஆப்பிளின் சொந்தச் செயலிகளில் அது எழுத்தைப் பெரிதாக்கித் தருகிறது, பிற நிறுவனங்களின் மென்பொருள்கள் பெரும்பாலும் அதற்குக் கட்டுப்படுவதில்லை.

இவ்வளவு திருத்தங்களையும் செய்த பிறகும் அன்றாடம் பயன்படுத்தும் மென்பொருள்களில் பெரும்பாலானவற்றைப் பெரிதாக்கித்தான் வைத்திருக்கிறீர்கள் என்றால், தேர்ந்தெடுத்த ரெசல்யூஷனில் எழுத்து உங்களுக்கு மிகச் சிறியது என்றுதான் பொருள். ஒரு படி பெரிய எழுத்துக்கு இறங்கிவிடுங்கள். மாறாக, 1280-இல் இருந்துகொண்டு எல்லாவற்றையும் 80 சதவீதத்துக்குச் சுருக்கியே வைத்திருப்பவர்களுக்கு 1440 பொருந்தும்.

பலகங்கள் நிறைந்த வேலைக்காக 1680-இல் இருந்தே ஆக வேண்டியவர்கள், அவ்வப்போது வரும் சிறு எழுத்துக்காக முன்னால் குனிய வேண்டாம். Accessibility-இல் Zoom பகுதிக்குச் சென்று Use scroll gesture with modifier keys to zoom என்பதை இயக்கினால், Control விசையை அழுத்திக்கொண்டு டிராக்பேடில் இரு விரல்களை மேலே நகர்த்தும்போது சுட்டி நிற்கும் இடம் பெரிதாகும். கீழே நகர்த்தினால் பழைய நிலைக்கு வந்துவிடும். 11 பாயிண்ட் குறிப்பு ஒன்றைப் படிக்க இதைவிட வசதியான வழி இல்லை என்பேன்.

பயன்படுத்தத் தொடங்கியபின் கவனிக்க வேண்டியவை

புதிய அளவுக்குக் கண் பழகச் சில நாள்கள் பிடிக்கும் என்பது உண்மைதான், ஆனால், பழக்கத்தையும் சிரமத்தையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. முகம் திரையை நோக்கி நகர்ந்திருப்பதை மதியத்துக்குமேல் அடிக்கடி உணர்ந்தால், அல்லது சுட்டி பொத்தானைத் தவறவிட்டுப் பக்கத்துப் பொத்தானை அழுத்திவிட்டால், அது பழகாததால் வருவதல்ல. சிறிய பாயிண்டில் பொத்தான்களும் சிறுத்துவிடுகின்றன. 1680-இல் 20 பாயிண்ட் பொத்தான் மூன்றரை மில்லிமீட்டர்தான். எழுத்தைப் படிக்க முடிந்தாலும் கை குறிதவறும் நிலை பலருக்கு முதலில் வருகிறது.

ரெசல்யூஷனை அடிக்கடி மாற்றுபவர்களுக்கு வேறொரு தொல்லை உண்டு. அதிக இடமுள்ள நிலையிலிருந்து குறைந்த இடமுள்ள நிலைக்கு வரும்போது, பெரிய சாளரங்கள் திரைக்குள் அடங்குமாறு சுருங்கும். திரும்பப் போகும்போது அவை பழைய அளவுக்குத் தாமாக விரிய வேண்டுமென்பதில்லை. ஆகவே வேலைக்கு வேலை மாற்றாமல், ஒன்றை நிலையாக வைத்துக்கொண்டு, புகைப்படச் சரிபார்ப்பு போன்ற தனித் தேவைக்கு மட்டும் மாறுவதே ஒழுங்காக இருக்கும்.

திரைப்பிடிப்பு எடுத்துப் பிறருக்கு அனுப்புபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிடிப்பு எடுக்கப்படுவது கண்ணாடியிலுள்ள பிக்சல்களிலிருந்து அன்று, நினைவகப் படத்திலிருந்து. 1680-இல் Shift-Command-3 அழுத்தினால் கிடைக்கும் கோப்பு 3360×2100 அளவில் இருக்கும். Get Info-வில் இதைப் பார்க்கலாம். தேர்ந்தெடுத்த ரெசல்யூஷன் உண்மையிலேயே இரட்டிப்போடு இயங்குகிறதா என்று உறுதிசெய்யவும் இது நல்ல வழி. ஆனால், அந்தப் படத்தைக் கைப்பேசியில் திறப்பவருக்கு எழுத்து மிகச் சிறிதாகத் தெரியும். வழிகாட்டிக்காகவோ பாடத்துக்காகவோ திரைப்பிடிப்பு எடுப்பவர்கள் அதற்குமுன் 1280-க்கோ 1024-க்கோ மாறிக்கொண்டால் படிப்பவர்களுக்கு உதவியாக இருக்கும்.

மற்ற மேக்புக்குகளுக்கு

2021-இல் வந்த 14 அங்குல மேக்புக் ப்ரோவின் திரை 3024×1964. அதன் இயல்பு நிலை 1512×982, சரிபாதி. எனவே வந்தபடியே வைத்திருப்பவர் மிகக் கூர்மையான நிலையில்தான் இருக்கிறார். அதே ஆண்டின் 16 அங்குலக் கருவியிலும் 3456×2234-க்கு 1728×1117 என்று இயல்பு நிலை சரிபாதிதான். 2022-இன் எம்2 மேக்புக் ஏர் வேறு வகை: திரை 2560×1664, இயல்பு நிலை 1470×956. சரிபாதி வேண்டுமானால் 1280×832-க்கு இறங்க வேண்டும். பழைய 15 அங்குல மேக்புக் ப்ரோக்களில் 2012-இன் கருவி 1440×900 என்ற சரிபாதி நிலையில் வந்தது. 2016-லிருந்து அதே 2880×1800 திரையை ஆப்பிள் 1680×1050-இல் வைத்து அனுப்பத் தொடங்கியது. ஆகவே பழைய கருவியிலிருந்து புதியதற்கு மாறியவர்கள், எழுத்து ஏன் சிறிதாகத் தெரிகிறது என்று வியந்தால், பட்டியலைத் திறந்து இந்த எண்ணை முதலில் பார்க்கலாம்.

வேறு எந்தக் கருவிக்கும், திரையின் அகலத்தை மில்லிமீட்டரில் அளந்து, தேர்ந்தெடுக்கும் ரெசல்யூஷனின் முதல் எண்ணால் வகுத்தால் ஒரு பாயிண்டின் அளவு கிடைத்துவிடும். அது 0.20 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கினால், பனியையும் பணியையும் வைத்துச் செய்த சோதனையைத் தவறாமல் செய்து பார்த்துவிட்டு நிலைப்படுத்துங்கள்.